பள்ளிக் கட்டணத்தைத் தவணையில் கட்ட அனுமதி கேட்டுக் கடிதம்: தொகைகளை எப்படிப் பிரிப்பது?

தறிநூல் எழுதியது:

வணக்கம். மகள் எட்டாம் வகுப்புக்குப் போகிறாள். வரும் கல்வியாண்டுக்கான கட்டணச் சீட்டு வந்துவிட்டது. கல்விக் கட்டணம் 54,000, கணினி மற்றும் ஆய்வகம் 6,000, புத்தகம் சீருடை 9,000, பேருந்து 15,000. ஆக மொத்தம் 84,000 ரூபாய். பள்ளி சொல்லும் முறை இரண்டு பாகம்: ஜூன் 10-க்குள் 42,000, நவம்பர் 10-க்குள் 42,000. தாமதமானால் அபராதம் உண்டு என்று அடியில் போட்டிருக்கிறார்கள். ஒரு நாளுக்கு எவ்வளவு என்று போடவில்லை.

ஜூன் பத்தாம் தேதி 42,000 புரட்ட வழியில்லை. வட்டிக்கு வாங்கவும் மனமில்லை. அதனால் மாதத் தவணையாகக் கட்டிக்கொள்ள அனுமதி கேட்டுக் கடிதம் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். 84,000-ஐப் பத்தால் வகுத்து மாதம் 8,400 என்று எழுதி வைத்திருக்கிறேன். இப்படிக் கேட்டால் ஒத்துக்கொள்வார்களா? கடிதத்தில் வேறு என்ன எழுத வேண்டும்? இதுவரை கட்டணம் பாக்கி வைத்ததில்லை.

---

ஆற்றோரம் எழுதியது:

சகோதரி, கட்டணச் சலுகைக்குத் தனி விண்ணப்பப் படிவம் இருக்கும், அதை வாங்கி நிரப்புங்கள். என் பிள்ளைகள் மூன்று பேரும் ஒரே பள்ளி. மூன்றாவது பிள்ளைக்கு நான் கேட்டதும் கால் பங்கு குறைத்தார்கள். வருமானச் சான்று, குடும்ப அட்டை நகல் எல்லாம் கேட்டார்கள். மதிப்பெண் நன்றாக இருந்தால் அதையும் இணையுங்கள்.

---

தறிநூல் எழுதியது:

நன்றி. ஆனால் நான் குறைக்கச் சொல்லவில்லை. முழுத் தொகையையும் கட்டுகிறேன், காலம்தான் வேண்டும்.

---

நேர்கோடு எழுதியது:

மிக எளிது. பத்துத் தவணை, பத்து செக். எல்லா மாதத்துக்கும் அந்தந்த மாதத் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கடிதத்தோடு கொடுத்துவிடுங்கள். பள்ளிக்கு நம்பிக்கை வரும், உங்களுக்கும் மாதாமாதம் அலையும் வேலை இல்லை. என் அலுவலகத்தில் வாடகைக்கு இப்படித்தான் செய்கிறோம். சமமான தொகை இருந்தால்தான் அவர்கள் கணக்கில் ஏற்றச் சுலபம். 8,400 சரியாகத்தான் இருக்கிறது.

---

பேரேடு எழுதியது:

அம்மா, ஒரு தனியார் பள்ளியின் கணக்குப் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தவன் நான். இந்தக் கடிதங்களைப் படித்துக் குறிப்பு எழுதித் தாளாளர் மேசைக்கு அனுப்புவது என் வேலைகளில் ஒன்று. அதனால் மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவர் எதைப் பார்ப்பார் என்று சொல்கிறேன்.

கடிதத்தில் கஷ்டம் எவ்வளவு உருக்கமாக எழுதியிருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. எல்லாக் கடிதமும் உருக்கமாகத்தான் இருக்கும். நாங்கள் பார்ப்பது இரண்டைத்தான். இந்தத் தொகையை இந்தத் தேதியில் இவர் உண்மையில் கட்டுவாரா? வருடம் முடிவதற்குள் கணக்கு நேராகுமா?

பத்தால் வகுத்த தொகையைப் பார்த்தவுடனே எனக்குச் சந்தேகம் வரும். ஒரு குடும்பத்துக்குப் பணம் வருவது அப்படிச் சீராக இருக்காது. ஒரு மாதம் இன்சூரன்ஸ், ஒரு மாதம் வீட்டு விசேஷம், ஒரு மாதம் போனஸ். மாதம் 8,400 என்று எழுதுகிறவர் மூன்றாவது மாதத்தில் 5,000-ஐக் கொண்டுவந்து நிற்பார். அன்றைக்கு அவர் பேரில் ஒரு குறிப்பு விழும். அடுத்த வருடம் அதே பெயரில் கடிதம் வந்தால் அந்தக் குறிப்புதான் முதலில் கண்ணில் படும்.

இன்னொன்று. பத்துத் தவணை என்றால் கடைசித் தவணை மார்ச்சில் போய் விழும். அது ஆண்டுத் தேர்வு நேரம். எந்தப் பள்ளியும் தேர்வு வரைக்கும் பாக்கியை இழுக்க விரும்பாது. பிப்ரவரியோடு முடிகிற அட்டவணைக்கு எளிதாகக் கையெழுத்து விழும்.

அதனால் வகுத்தலை விட்டுவிடுங்கள். எனக்கு நான்கு விஷயம் சொல்லுங்கள், அட்டவணை தானாக வரும். ஜூன் 10-க்கு உங்கள் கையில் எவ்வளவு இருக்கும்? சம்பளம் எத்தனையாம் தேதி வருகிறது? வீட்டுச் செலவெல்லாம் போய்ச் சாதாரண மாதத்தில் என்ன மிஞ்சுகிறது? எந்த மாதம் பெரிய செலவு, எந்த மாதம் பெரிய வரவு?

மிஞ்சுவது என்று நான் கேட்பது நீங்கள் நினைப்பதை அல்ல. பாஸ்புக்கை எடுத்து, கடந்த ஆறு மாதமும் சம்பளம் வருவதற்கு முந்தின நாள் என்ன இருந்தது என்று பாருங்கள்.

---

கடுகு எழுதியது:

ஐயா சொல்வது எல்லாம் சரி, ஆனா அக்கா ஏன் இவ்வளவு பம்மணும்? பள்ளிக்கூடம் நடத்துறவங்க ஆசிரியர்களுக்கு மாசாமாசம்தான சம்பளம் கொடுக்கிறாங்க? அப்ப நம்மகிட்ட மட்டும் ஏன் ஆறு மாசப் பணம் முன்னாடியே? மாசக் கட்டணம்தான் நியாயம். கேக்குறது உரிமைன்னு நினைச்சுக் கேளுங்க.

---

பேரேடு எழுதியது:

கடுகு, நியாயம் உங்கள் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் ஜூன் மாதம் பள்ளிக்கும் செலவு குவியும் மாதம். புத்தகக்காரருக்கு மொத்தமாகக் கொடுக்க வேண்டும், பேருந்துக்குக் காப்பீடு, கட்டடத்துக்கு வெள்ளையடிப்பு. அதனால்தான் முதல் பாகத்தை அழுத்திக் கேட்கிறார்கள். இதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் கடிதம் எழுதுகிறவருக்குத்தான் லாபம். புத்தகம், சீருடைப் பணத்தை முதல் தவணையிலேயே முழுசாகக் கட்டிவிடுகிறேன் என்று எழுதினால் பாதி எதிர்ப்பு அங்கேயே அடங்கிவிடும். அது பள்ளி வெளியே கொடுத்துவிட்ட பணம். கல்விக் கட்டணத்தில்தான் அவர்களுக்கு நெகிழ இடம் இருக்கிறது.

---

தறிநூல் எழுதியது:

ஐயா, பாஸ்புக் பார்த்தேன். கணவர் சம்பளம் மாதம் 5-ஆம் தேதி. என் தையல் வரும்படியையும் சேர்த்து மாதக் கடைசியில் 6,500 ஒட்டி மிஞ்சுகிறது. ஒன்றிரண்டு மாதம் ஏழு வரை போயிருக்கிறது. செப்டம்பரில் இன்சூரன்ஸ் பிரீமியம், அந்த மாதம் மிஞ்சினால் மூவாயிரம்தான். அக்டோபர் கடைசியில் கணவருக்கு போனஸ் 28,000 அளவில் வரும். போன வருடம் நவம்பர் முதல் வாரத்துக்குத் தள்ளிப் போனது. ஜூன் மாதத்து மிச்சத்தையும் சேர்த்தால் ஜூன் 10-க்கு 20,000 கையில் இருக்கும்.

8,400 என்று எழுதியிருந்தால் சாதாரண மாதத்து மிச்சத்தில் அதை முழுசாகக் கட்டியிருக்க முடியாது என்று இப்போதுதான் தெரிகிறது.

---

பேரேடு எழுதியது:

நல்லது. இனி கணக்கு இப்படிப் போகும்.

ஜூன் 10-க்கு 20,000. இதில் 9,000 புத்தகம், சீருடைக்கு. மிச்சம் 11,000 கல்விக் கட்டணத்தில் சேரும். ஜூலை, ஆகஸ்டு இரண்டுக்கும் 6,000. 6,500 மிஞ்சும்போது 6,500 என்று எழுதாதீர்கள். ஒரு காய்ச்சல் வந்தால் ஐந்நூறு போய்விடும். செப்டம்பருக்கு 3,000 என்று வெளிப்படையாகவே எழுதுங்கள். அக்டோபர் 6,000. இதுவரை 41,000. அதாவது பள்ளி ஜூனில் கேட்ட 42,000-க்கு ஆயிரம் குறைய அக்டோபருக்குள் கட்டிவிட்டீர்கள்.

நவம்பரில் போனஸ். 28,000 வரும் என்றால் 25,000 எழுதலாம். தேதியை 10 என்று வைக்காதீர்கள், போனஸ் தள்ளிப் போன வரலாறு இருக்கிறதே. நவம்பர் 20 என்று வையுங்கள். அதோடு 66,000. மீதி 18,000. டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மூன்று மாதமும் ஆறாறாயிரம். பிப்ரவரி 10-இல் கணக்கு முடிந்தது.

மொத்தம் ஒன்பது தவணை. சம்பளம் 5-ஆம் தேதி என்பதால் 10-ஆம் தேதி பொருந்தும். வங்கி விடுமுறை வந்தாலும் நடுவில் ஐந்து நாள் இருக்கிறது.

---

நேர்கோடு எழுதியது:

இவ்வளவு கோணல்மாணலாக இருந்தால் பள்ளி சாஃப்ட்வேரில் ஏற்ற மாட்டார்கள். அதற்குத்தான் சமத் தவணை என்றேன். செக் பற்றியும் யாரும் பதில் சொல்லவில்லை.

---

பேரேடு எழுதியது:

சாஃப்ட்வேர் விஷயத்தில் நீங்கள் சொல்வதில் பாதி உண்மை. பல பள்ளிகளின் மென்பொருளில் இரண்டு அல்லது மூன்று பருவம் மட்டும்தான் இருக்கும். அதில் ஆறாயிரமும் ஏறாது, 8,400-உம் ஏறாது. தொகை சமமா இல்லையா என்பது அதற்குப் பொருட்டே இல்லை. ஜூன் 10 தாண்டினால் மிச்சம் 22,000 பாக்கி என்று அது பாட்டுக்குக் காட்டும், பெற்றோருக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பும், அபராதத்தையும் நாள் கணக்கில் ஏற்றும். தாளாளர் அனுமதி கொடுத்தது அந்தப் பெட்டிக்குத் தெரியாது.

இங்கேதான் பல பேர் மாட்டுவார்கள். ஜூலையில் 6,000 கட்டும்போது கவுண்ட்டரில் இருக்கும் பிள்ளை ரசீது போட்டால், மென்பொருள் முதலில் அபராதத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் கட்டணத்தில் வரவு வைக்கும். நீங்கள் ஆறாயிரம் கட்டினேன் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். பிப்ரவரியில் எல்லாம் முடிந்தது என்று போய் நின்றால், இன்னும் இரண்டாயிரத்துச் சொச்சம் பாக்கி என்பார்கள்.

அதற்குத்தான் அட்டவணையில் மீதி என்று ஒரு பத்தி போடச் சொல்கிறேன். ஒவ்வொரு தவணைக்குப் பிறகும் என்ன மீதி என்று கடிதத்திலேயே இருக்கட்டும். ஜூலை 10-க்குப் பிறகு 58,000 மீதி என்று உங்கள் தாள் சொல்லி, ரசீது 58,350 என்று சொன்னால், 350 அபராதமாகப் போயிருக்கிறது. அன்றைக்கே கவுண்ட்டரில் அனுமதிக் கடிதத்தைக் காட்டினால் திருத்துவார்கள். பிப்ரவரியில் காட்டினால் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

செக்கைப் பொறுத்தவரை: பள்ளிக்கு அது பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் போனஸ் ஒரு வாரம் தள்ளினால் நீங்கள் பள்ளிக்கு ஒரு போன் போட்டுச் சொல்லலாம். வங்கியில் போட்ட செக்குக்குச் சொல்ல முடியாது. திரும்பினால் உங்கள் வங்கி பிடிக்கும், பள்ளியும் தன் வங்கி பிடித்ததை உங்கள் தலையில் போடும், பேரும் கெடும். பள்ளியே கேட்டால் ஒழிய நீங்களாகக் கொடுக்க வேண்டாம். அப்படியே கேட்டாலும் அடுத்த இரண்டு மாதத்துக்கு மட்டும் கொடுங்கள்.

---

நேர்கோடு எழுதியது:

நான் வைத்த செக் ஒன்றுகூட இதுவரை திரும்பியதில்லை. சம்பளக் கணக்கை ஒழுங்காகப் பார்க்கிறவருக்கு செக்தான் நல்லது என்பது என் கருத்து. அதை மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

---

சுண்ணக்கட்டி எழுதியது:

வகுப்பாசிரியையாகச் சொல்கிறேன். தயவுசெய்து கடிதத்தைக் குழந்தையின் பையில் போட்டு அனுப்பாதீர்கள். அது முதலில் எங்கள் மேசைக்கு வரும், நாங்கள் தலைமையாசிரியருக்குக் கொடுப்போம், அவர் ஆபீசுக்குக் கொடுப்பார், எங்கேயோ ஒரு ஃபைலில் தங்கிவிடும். கட்டண விஷயத்தில் வகுப்பாசிரியருக்கு எந்த அதிகாரமும் இல்லை. எங்கள் கையில் வருவது பாக்கிப் பட்டியல் மட்டும்தான். பட்டியலில் பேர் இருந்தால் பிள்ளையிடம் சொல்லச் சொல்வார்கள். எனக்கு அது பிடிக்காத வேலை, ஆனால் சில இடத்தில் எல்லார் முன்னாலும் பெயர் வாசிக்கிறார்கள்.

அதனால் கடிதத்தில் ஒரு வரி சேருங்கள்: கட்டணம் தொடர்பாக எதுவானாலும் மகளிடம் சொல்லாமல் நேராக எனக்குப் போன் செய்யவும் என்று. அந்த வரியை நான் பார்த்திருந்தால் பட்டியலைப் பிள்ளையிடம் கொண்டுபோக மாட்டேன், காட்டுவதற்கு எனக்கும் ஒரு காகிதம் இருக்கும்.

---

தறிநூல் எழுதியது:

இது எனக்குத் தோன்றவே இல்லை டீச்சர். கட்டாயம் சேர்க்கிறேன். கடிதத்தைத் தாளாளர் பேருக்கு எழுதுவதா, தலைமையாசிரியை பேருக்கா?

---

பேரேடு எழுதியது:

பணத்தில் முடிவெடுப்பவர் பேருக்கு. பெரும்பாலும் தாளாளர். ‘வழி: தலைமையாசிரியை’ என்று போட்டால் அவரைத் தாண்டிப் போன மனத்தாங்கலும் இருக்காது. நேரில் கொண்டுபோய் இரண்டு பிரதி கொடுங்கள், ஒன்றில் பெற்றுக்கொண்ட முத்திரையும் தேதியும் வாங்குங்கள். ஜூன் 10-க்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்னால் போக வேண்டும். கெடு முடிந்த பிறகு கொடுக்கிற கடிதத்துக்கு மேசையில் வேறு பெயர், பாக்கிதாரர் விளக்கம்.

---

கடுகு எழுதியது:

சம்பள ஸ்லிப் இணைக்கணுமா ஐயா? எனக்கு அது பிடிக்கல. நம்ம வருமானம் பள்ளிக்கூட ஆபீஸ் முழுக்கத் தெரியும். நாளைக்கு வேற எதுக்காவது, உங்களுக்குத்தான் இவ்வளவு வருதே-ன்னு சொல்லுவாங்க.

---

பேரேடு எழுதியது:

சலுகை கேட்டால் சான்று தேவை. காலம் கேட்பதற்கு நான் கேட்டதில்லை. சில தாளாளர்கள் கேட்பார்கள். என் கணிப்பில் ஸ்லிப்பைவிட முந்தைய வருட ரசீதுகளின் நகல் வலுவானது. இத்தனை வருடமும் நேரத்துக்குக் கட்டியிருக்கிறார் என்பதை அது காட்டும், பள்ளிக்குத் தெரிய வேண்டியதும் அதுதான்.

---

ஆற்றோரம் எழுதியது:

ஸ்லிப் வைத்தால் தப்பில்லை என்றுதான் நான் சொல்வேன். ஒளிக்க என்ன இருக்கிறது? நான் வைத்ததால்தான் எனக்குக் குறைத்தார்கள்.

---

கடுகு எழுதியது:

நீங்க கேட்டது சலுகை அண்ணா. அக்கா கேக்குறது வேற.

---

தறிநூல் எழுதியது:

கடிதம் எழுதிவிட்டேன். ஐயாவும் டீச்சரும் பார்த்துச் சொல்லுங்கள்.

> அனுப்புநர்
> (பெயர், முகவரி, தொலைபேசி எண்)
>
> பெறுநர்
> தாளாளர் அவர்கள்
> (பள்ளியின் பெயர்)
> வழி: தலைமையாசிரியை அவர்கள்
>
> பொருள்: எட்டாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவியின் ஆண்டுக் கட்டணம் 84,000 ரூபாயை ஒன்பது தவணைகளில் செலுத்த அனுமதி வேண்டுதல்.
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> என் மகள் தங்கள் பள்ளியில் முதல் வகுப்பு முதல் படித்து வருகிறாள். இதுவரை எல்லா ஆண்டும் கட்டணத்தை உரிய தேதியில் செலுத்தியிருக்கிறோம். கடந்த இரண்டு ஆண்டுகளின் ரசீது நகல்களை இணைத்துள்ளேன்.
>
> இந்த ஆண்டு ஜூன் 10-ஆம் தேதி முதல் பாகம் 42,000 ரூபாயை ஒரே தடவையில் செலுத்த எங்களால் இயலவில்லை. கட்டணத்தில் குறைப்பு எதுவும் கேட்கவில்லை. முழுத் தொகையையும் கீழ்க்காணும் தேதிகளில் செலுத்த அனுமதி தருமாறு கேட்டுக்கொள்கிறேன். புத்தகம், சீருடைக்கான 9,000 ரூபாய் முதல் தவணையிலேயே முழுமையாக அடங்கும்.
>
> | தேதி | தொகை | மீதி |
> |---|---|---|
> | ஜூன் 10 | 20,000 | 64,000 |
> | ஜூலை 10 | 6,000 | 58,000 |
> | ஆகஸ்டு 10 | 6,000 | 52,000 |
> | செப்டம்பர் 10 | 3,000 | 49,000 |
> | அக்டோபர் 10 | 6,000 | 43,000 |
> | நவம்பர் 20 | 25,000 | 18,000 |
> | டிசம்பர் 10 | 6,000 | 12,000 |
> | ஜனவரி 10 | 6,000 | 6,000 |
> | பிப்ரவரி 10 | 6,000 | 0 |
>
> இந்தத் தேதிகள் எங்கள் வீட்டு வருமானம் வரும் நாட்களை ஒட்டி அமைந்தவை. நவம்பர் மாதத் தொகை என் கணவரின் ஆண்டு போனஸிலிருந்து தரப்படும். அது தாமதமானால் நவம்பர் 20-க்கு முன்பே தங்களுக்குத் தெரிவித்து, அன்றைய தேதியில் 6,000 ரூபாயும் மீதி 19,000 ரூபாயை டிசம்பர் 10-ஆம் தேதித் தவணையோடும் செலுத்துவேன்.
>
> மேற்கண்ட தேதிகளில் செலுத்தும் வரை தாமதக் கட்டணம் விதிக்காமல் இருக்கவும், அனுமதியை எழுத்தில் தந்து அதன் நகலைக் கணக்குப் பிரிவுக்கும் அனுப்பவும் வேண்டுகிறேன். கட்டணம் தொடர்பாக எதுவாயினும் மகளிடம் தெரிவிக்காமல் என் தொலைபேசி எண்ணில் அழைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.
>
> இப்படிக்கு,
> தங்கள் உண்மையுள்ள,
> (கையொப்பம், தேதி)
>
> இணைப்பு: ரசீது நகல்கள், கட்டணச் சீட்டு நகல்.

---

பேரேடு எழுதியது:

நன்றாக வந்திருக்கிறது. போனஸ் வராவிட்டால் என்ன என்று நீங்களே எழுதியதுதான் இதில் சிறந்த பத்தி. மேசையில் இருக்கிறவர் கேட்கப் போகிற கேள்விக்குக் கேட்கும் முன்பே பதில். ஆனால் டிசம்பரில் 19,000-உம் 6,000-உம் சேர்ந்தால் 25,000. போனஸ் டிசம்பரும் தாண்டினால் என்ன செய்வீர்கள் என்று உங்களுக்குள் யோசித்து வையுங்கள். கடிதத்தில் எழுத வேண்டாம்.

ஒரே ஒரு சின்ன விஷயம். மகளின் பெயரும் சேர்க்கை எண்ணும் பொருள் வரியிலேயே இருக்கட்டும். ஒரே வகுப்பில் ஒரே பெயரில் இரண்டு பிள்ளைகள் இருந்து, ஒருத்தியின் பணம் இன்னொருத்தி கணக்கில் ஏறியதைப் பார்த்திருக்கிறேன்.

---

சுண்ணக்கட்டி எழுதியது:

செப்டம்பர் 3,000 ஏன் குறைகிறது என்று கேட்பார்கள். கேட்டால் சொல்லிக்கொள்ளலாம், எழுத வேண்டாம்.

---

தறிநூல் எழுதியது:

இன்றைக்குப் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். தாளாளர் படித்துவிட்டாராம். ஒன்பது தவணைக்கு மறுப்பில்லை, அபராதமும் கிடையாது. ஆனால் முதல் தவணை 25,000 ஆக வேண்டுமாம். அதற்குக் கீழே எந்தப் பெற்றோருக்கும் கொடுத்ததில்லை என்கிறார்கள். என்னிடம் 20,000-தான் இருக்கிறது. ஐந்தாயிரம் தம்பியிடம் கைமாற்று வாங்கலாமா என்று யோசிக்கிறேன்.

---

கடுகு எழுதியது:

பாத்தீங்களா? ஒத்துக்கிட்ட மாதிரி ஒத்துக்கிட்டு ஒரு கொக்கி. முடியாதுன்னு சொல்லுங்க அக்கா.

---

நேர்கோடு எழுதியது:

ஐந்தாயிரம்தானே, வாங்கிக் கட்டிவிடுங்கள். இதற்காக வாக்குவாதம் வேண்டாம்.

---

பேரேடு எழுதியது:

அவசரப்பட்டுக் கடன் வாங்காதீர்கள். தம்பிக்கு ஜூலையில் திருப்பிக் கொடுத்தால் ஜூலைத் தவணை ஆயிரமாகிவிடும். முதல் மாதமே அட்டவணை கெடும்.

பள்ளிக்கு வேண்டியது பள்ளிக்கூடம் தொடங்கும் சமயத்தில் 25,000 உள்ளே வந்திருப்பது. உங்கள் அட்டவணைப்படி ஜூலை 10-க்குள் 26,000 வந்துவிடும். அவர்கள் கேட்பதற்கும் நீங்கள் தருவதற்கும் இடையில் ஒரு மாதம்தான். அதையே கேளுங்கள்: ‘ஜூன் 10-க்கு 20,000, ஜூலை 10-க்குள் மொத்தம் 26,000 ஆகிவிடும், இரண்டையும் சேர்த்து முதல் தவணையாக எடுத்துக்கொள்ள முடியுமா?’ இப்படிச் சொன்னால் அவர்கள் விதியும் உடையாது, உங்கள் தேதியும் மாறாது. 20,000-ஐக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். பணம் மேசைமேல் இருக்கும்போது பேச்சு சுருக்கமாக முடியும்.

அதற்கும் முடியாது என்றால் பேருந்துக் கட்டணத்தைத் தனியாக மாதாமாதம் கட்ட விடுவார்களா என்று பாருங்கள். 15,000-ஐ அந்தக் கணக்கிலிருந்து பிரித்துவிட்டால், பள்ளிக் கட்டணம் 69,000-தான். அதில் முதல் தவணை 20,000 என்பது அவ்வளவு சின்னதாகத் தெரியாது.

---

தறிநூல் எழுதியது:

போய்விட்டு வந்தேன். 20,000 கட்டியாயிற்று. ஜூலையோடு சேர்த்து முதல் தவணை என்பதைத் தாளாளர் ஒத்துக்கொண்டார். ஆனால் ஜூலைத் தேதியை 10-இலிருந்து 7 ஆக்கிவிட்டார். சம்பளம் 5-ஆம் தேதி, இரண்டு நாள் இடைவெளி, சமாளித்துக்கொள்ளலாம். மற்றதெல்லாம் நான் எழுதியபடியே. என் கடிதத்தின் அடியிலேயே ‘அனுமதிக்கப்படுகிறது, தாமதக் கட்டணம் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரையோடு நகல் கொடுத்தார்கள். ரசீதில் மீதி 64,000 என்று இருக்கிறது, என் தாளோடு ஒத்துப்போகிறது.

ஆனால் ரசீது வாங்கிக்கொண்டு வெளியே வருவதற்குள் 22,000 பாக்கி என்று எஸ்.எம்.எஸ். வந்துவிட்டது!

---

பேரேடு எழுதியது:

வரத்தான் செய்யும். கணக்குப் பிரிவில் யாராவது ஒருவர் உங்கள் மகள் பேருக்கு எதிரே அபராதம் என்ற கட்டத்தைக் கையால் நிறுத்த வேண்டும். அனுமதி நகலை அவரிடம் நேராகக் கொடுத்துவிட்டீர்களா, தாளாளர் அறையோடு நின்றுவிட்டதா?

---

தறிநூல் எழுதியது:

அறையோடு நின்றுவிட்டது என்று நினைக்கிறேன். திங்கட்கிழமை கவுண்ட்டருக்குப் போகிறேன்.

---

ஆற்றோரம் எழுதியது:

அப்படியே சலுகைப் படிவமும் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் சகோதரி. கேட்டால் காசா போகப்போகிறது?

---

சுண்ணக்கட்டி எழுதியது:

எங்கள் பள்ளியில் அந்த எஸ்.எம்.எஸ்.-ஐ ஒருத்தருக்கு மட்டும் நிறுத்த வழியே இல்லை என்கிறார்கள். வேறு பள்ளிகளில் முடிகிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், எங்கள் ஆபீசில் போய்க் கேட்கிறேன்.